தடங்கலில்லாமல் வாசிக்கிறான், ஆனால் ஒன்றும் புரியவில்லை

முதலில் இந்த இரண்டு வாக்கியங்களை வாசித்துவிடுங்கள்.

"கிலுவன் மாலையில் பொதளியைத் தெவுக்கினான். அதனால் பொதளி முழுவதும் சவ்வியது."

இப்போது மூன்று கேள்விகள். கிலுவன் எதைத் தெவுக்கினான்? எப்போது தெவுக்கினான்? பொதளி ஏன் சவ்வியது? மூன்றுக்கும் விடை எழுதிவிடுவீர்கள், முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். பொதளி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் இட்டுக்கட்டிய சொல் அது. தமிழில் இந்த வித்தை இன்னும் சுலபம், ஏனென்றால் 'ஐ' உருபு ஒட்டியிருக்கும் சொல்லைப் பிடித்தால் 'எதை' என்பதற்கு விடை, 'இல்' ஒட்டியதைப் பிடித்தால் 'எப்போது', 'எங்கே' என்பதற்கு விடை. 'ஏன்' கேள்விக்குக்கூட 'அதனால்' என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கிற வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்தால் போதும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் சில பிள்ளைகள் பாடப்புத்தகம் முழுவதையும் இப்படித்தான் கடக்கிறார்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தண்ணீர் மாதிரி வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டுவதில் சிக்கல் கிடையாது, நிறுத்தற்குறிகளில் நிறுத்தக்கூடச் செய்வார்கள். அதனாலேயே இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளையை எல்லாரும் கவனிக்கிறோம், இவர்களை "நல்லா வாசிக்கிறான், கொஞ்சம் கவனம்தான் போதாது" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

அப்படி ஒரு பையனோடு உட்கார்ந்த சில வாரங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஐந்தாம் வகுப்பு. நான் அவனுக்குக் கொடுத்த பத்தி இது. எண்கள் நான் போட்டவை, பின்னால் தேவைப்படும்.

(1) குளிர் மிகுந்த நாடுகளில் குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு உறைந்துபோகிறது. (2) ஆனாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. (3) பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்குவதால் உறைந்த பகுதி கீழே மூழ்கிவிடும். (4) நீர் அப்படியில்லை, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்ததும் அது விரிவடையத் தொடங்குகிறது. (5) அதனால் பனிக்கட்டி மிதக்கிறது. (6) அந்தப் படலம் ஒரு போர்வையைப்போலக் கீழே உள்ள வெப்பத்தைக் காக்கிறது.

ஒரு பிழையில்லாமல் வாசித்தான். நான் கேட்ட நேர்க் கேள்விகளுக்கெல்லாம் பட்பட்டென்று விடை சொன்னான். எத்தனை டிகிரி? நான்கு. எது மிதக்கிறது? பனிக்கட்டி. படலம் எதைப்போல? போர்வையைப்போல. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, இது எதைப் பற்றிப் பேசுது, சொல்லு பார்ப்போம்" என்றேன். "குளிர்காலம் சார்" என்றான். "குளிர்காலத்தைப் பற்றி என்ன?" என்று கேட்டால் மௌனம். பிறகு, "மீன் இருக்கும் சார். நாலு டிகிரி."

இந்த இடத்தில் உடனே பயிற்சியை ஆரம்பித்துவிடக் கூடாது. அதற்கு முன் இரண்டு சின்னச் சோதனைகள் செய்து பார்க்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. ஒன்று, இதே அளவு கடினமான வேறொரு பத்தியை நாம் வாசித்துக் காட்டிவிட்டு அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால்தான் புரியவில்லை என்றால், வெளியில் தெரியாவிட்டாலும் எழுத்தைக் கூட்டுவதிலேயே அவன் சக்தி முழுவதும் போகிறது என்று அர்த்தம், அவனுக்கு வேண்டியது வேறு. கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இல்லை, மொழியிலும் பொருளைக் கோப்பதிலும் இருக்கிறது. கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், பேச்சு மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் இல்லை என்பதுதான் விஷயம். ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சிறிதுதான்.

இரண்டாவது சோதனை இன்னும் வேடிக்கையானது. பத்தியின் கடைசியில் முன்னால் சொன்னதற்கு நேர்மாறாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுவது. "ஆகவே பனிக்கட்டி குளத்தின் அடியில் தங்குகிறது" என்று சேர்த்து, "இதுல எங்கேயாவது இடிக்குதா?" என்று கேட்டேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஐந்தாம் வாக்கியமும் அந்தக் கடைசி வாக்கியமும் அவன் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை, சந்தித்தால்தானே இடிக்கும். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனித் தீவாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான்.

இனி என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தால் புரிதல் வளரும் என்று எங்கோ படித்துவிட்டு, வகுப்பில் ஒரு அட்டை மாட்டினேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. ஒவ்வொரு பத்திக்கும் பிள்ளைகளே ஆறு கேள்வி எழுத வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. நோட்டுகளெல்லாம் கேள்விகளால் நிரம்பின, எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு ஒருநாள் நிதானமாக வாசித்துப் பார்த்தால், ஒரு வாக்கியத்தை எடுத்து, அதில் ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வினாச்சொல்லை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "எதன் மேற்பரப்பு உறைந்துபோகிறது?" "அது எப்போது விரிவடையத் தொடங்குகிறது?" அந்த "அது" எது என்று கேட்டால் கேள்வியை எழுதியவருக்கே தெரியாது. பொதளிக் கேள்விகளை நானே அவர்களை வைத்து உற்பத்தி செய்திருக்கிறேன்.

ஆக, கேள்வி என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தக் கேள்வி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது நான் வைத்திருப்பது ஒரே ஒரு விதி. விடை சொல்லும்போது இரண்டு வாக்கியங்கள்மேல் இரண்டு விரலை வைத்துக் காட்ட வேண்டும். ஒரே விரலில் விடை கிடைத்துவிட்டால் அந்தக் கேள்வி செல்லாது. டாஃபி ரஃபேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் கேள்விகளை விடை கிடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்: அந்த இடத்திலேயே இருப்பது, தேடிச் சேர்க்க வேண்டியது, எழுதியவர் சொன்னதோடு நமக்குத் தெரிந்ததைச் சேர்க்க வேண்டியது, முழுக்க நம்மிடமே இருப்பது என்று நான்கு. நான்கையும் பிள்ளைகளிடம் ஒப்பித்துப் பார்த்தேன், அது இன்னொரு மனப்பாடமாகிவிட்டது. அதனால் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு விரல் கணக்காக ஆக்கினேன். மூன்றாவது தானாகவே பின்னால் வருகிறது, சொல்கிறேன்.

விதியைச் சொன்னதும் கேள்வி வந்துவிடாது. முதல் மூன்று நாள் நான்தான் கேட்டேன், அதுவும் என் மண்டைக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி. "முதல் வாக்கியம் குளம் உறையுதுன்னு சொல்லுது. இரண்டாவது மீன் சாகலைன்னு சொல்லுது. நடுவுல ஒரு 'ஆனாலும்' இருக்கு. அப்படின்னா எழுதினவர் ஏதோ ஆச்சரியப்படுறார். குளம் உறைஞ்சா மீன் செத்துப்போகும்னு நாம நினைப்போம்ல, அதுதான். அப்போ என் கேள்வி, குளம் உறைஞ்சும் மீன் எப்படி உயிரோட இருக்கு? இதுக்கு விடை இரண்டாவது வாக்கியத்துல இருக்கா? இல்லை. மேல படிப்போம்." இவ்வளவையும் ஒரு ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் சத்தமாகச் சொல்ல ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல வாசகர் உள்ளுக்குள் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளை பார்ப்பதற்கு வேறு வழியில்லை.

அதன்பிறகு பாதிக் கேள்வியை நான் சொல்லி மீதியை அவனிடம் விட்டேன். "பனிக்கட்டி மிதக்குதுன்னு ஐந்தாவதுல சொல்றாங்க. மீன் பிழைக்குதுன்னு இரண்டாவதுல சொன்னாங்க. இந்த இரண்டையும் கோத்து ஒரு கேள்வி..." என்று இழுத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "பனிக்கட்டி மிதக்கலைன்னா மீன் செத்துருமா சார்?" என்றான். அன்று வகுப்பை அதோடு நிறுத்திவிட்டேன். பத்தியில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. வாக்கியத்தில் சொல்லைத் தூக்கிவிட்டு அந்தக் கேள்வியைச் செய்யவே முடியாது.

இதோடு சேர்த்துச் செய்த இன்னொரு சின்ன வேலை, சுட்டுச் சொற்களைப் பிடிப்பது. நான்காவதில் "அது" எது? ஐந்தாவதில் "அதனால்" என்றால் எதனால்? ஆறாவதில் "அந்தப் படலம்" எந்தப் படலம்? இந்தக் கடைசியில்தான் அவன் முழுக்க வழுக்கினான். முதல் வாக்கியத்தின் உறைந்த மேற்பரப்பும், ஐந்தாவதின் பனிக்கட்டியும், ஆறாவதின் படலமும் ஒரே பொருளின் மூன்று பெயர்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மூன்று தனித்தனிப் பொருள்கள் என்று நினைத்திருந்தான். எழுதுகிறவர்கள் ஒரே சொல்லைத் திரும்ப எழுத அலுத்துப்போய்ப் பெயரை மாற்றுவார்கள், நமக்கு அது நடை, அவனுக்கு அது புதிதாக வந்த ஆள். மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டு ஒரு கோட்டால் இணைத்தான். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

சரி, சுருக்கிச் சொல்வதற்கு வருவோம்.

"சுருக்கி எழுது" என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் வாக்கியத்திலிருந்து பார்த்து எழுதத் தொடங்கி, நடுநடுவே சொற்களை விட்டுவிட்டு, தாளில் இடம் தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். பிரவுன், டே என்ற இருவர் 1983இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், இளைய மாணவர்களின் முறையே நீக்கிவிட்டு மீதியைப் பார்த்தெழுதுவதுதான் என்று. அதே ஆய்வில் வளர்ந்தவர்கள் செய்யும் வேலைகளும் வருகின்றன: தேவையற்றதையும் திரும்ப வருவதையும் விடுவது, பட்டியலுக்குப் பதில் ஒரு பொதுப்பெயர் வைப்பது, மையமான வாக்கியம் இருந்தால் எடுப்பது, இல்லாவிட்டால் நாமே ஒன்று செய்வது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், மிகத் தாமதமாக வருவதும் அதுதான். என் பத்தியை மறுபடி பாருங்கள். ஆறு வாக்கியங்களில் எதையும் மையம் என்று அடிக்கோடு போட முடியாது. "முக்கியமான வரியை அடிக்கோடிடு" என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளை இங்கே நடுத்தெருவில் நிற்கும். (பெரும்பாலும் முதல் வரிக்குக் கோடு போட்டுவிடும்.)

நான் செய்யச் சொன்னது இது. புத்தகத்தை மூடு. வாயால் சொல்லு, எழுதாதே. எதைப் பற்றி, அதைப் பற்றி என்ன, இரண்டும் வர வேண்டும். 15 சொல்லுக்குமேல் போகக் கூடாது, நான் விரல்விட்டு எண்ணுவேன்.

வாயால் சொல்லச் சொன்னதில் நானே எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. நம் மொழியில் எழுத்து ஒரு மாதிரி, பேச்சு வேறு மாதிரி. பிள்ளை "மீன்கள் உயிரோடு இருக்கின்றன" என்று சொன்னால் அது புத்தகத்தின் வாக்கியம், நினைவிலிருந்து எடுத்து வைக்கிறது. "மீன் சாகாம இருக்கு" என்று சொன்னால் அது உள்ளே போய் அரைபட்டு வெளியே வந்த வாக்கியம். 'கின்றன' எங்கே வருகிறதோ அங்கே புரியாத இடம் இருக்கிறது என்று கிட்டத்தட்ட பந்தயமே கட்டலாம். அதனால் பேச்சுத் தமிழில் சொல்வதைத் திருத்தாமல் விட வேண்டும். எழுத்து நடைக்கு மாற்றுவது தனி வேலை, பின்னால் செய்துகொள்ளலாம்.

அவன் முதலில் சொன்னது: "குளம் உறைஞ்சுரும், மீன் இருக்கும், நீர் விரிவடையத் தொடங்குகிறது, பனிக்கட்டி மிதக்கும்." கவனித்தீர்களா, மூன்றாவது துண்டு மட்டும் புத்தகத் தமிழ். அந்த இடத்தில்தான் கண்ணி விட்டுப்போயிருந்தது. விரிவதற்கும் மிதப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்தியும் அதைச் சொல்லவில்லை, 'அதனால்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத் தாண்டிவிட்டது. விரிந்தால் அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது, ஆகவே அதே அளவு நீரைவிடப் பனிக்கட்டி எடை குறைவு, ஆகவே மிதக்கும். இந்த இரண்டு படிகளும் வாசிப்பவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டியவை.

இந்த இடத்தில்தான் கேள்வியும் சுருக்கமும் சேர்ந்து வேலை செய்தன. சுருக்கம் எங்கே அறுந்தது என்று காட்டியது, அந்த இடத்துக்குக் கேள்வி போட்டான். "விரிஞ்சா ஏன் மிதக்கணும்?" நாலைந்து நாள் கழித்து அவன் சொன்ன சுருக்கம்: "தண்ணி உறையும்போது விரியுறதால ஐஸ் மேல மிதந்து மூடிக்குது, அதனால அடியில மீன் பிழைக்குது." 11 சொல். பத்தியில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது, அவன் செய்தது.

பலின்க்ஸர், பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட முறையில் இவை இரண்டோடு முன்கூட்டி ஊகிப்பதும் புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வதும் சேரும், பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியர் வேலையைச் செய்வார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் இதே வகைப் பிள்ளைகளைத்தான், என்ன, ஏழாம் வகுப்பு. ஏறக்குறைய 20 நாள் பயிற்சி. ஆரம்பத்தில் ஆசிரியர் நிறைய செய்து காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவதுதான் அதன் உயிர். நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், நான்கு அட்டை அடித்து, "நீ ஊகிப்பவன், நீ சுருக்குபவள்" என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாடகம் நன்றாக நடக்கும். சுருக்குபவள் சுருக்கம் சொல்ல, மற்ற மூவரும் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அவள் சொன்னது தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால்தான் அங்கே வேலை நடக்கிறது.

எல்லாவற்றையும் இந்த இரண்டே தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் போர்வை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "பனிக்கட்டி எப்படி சார் சூடு குடுக்கும், அதுவே ஜில்லுன்னுதானே இருக்கு?" என்று கேட்டான். அருமையான கேள்வி, மூன்றாவது வகை. ஆனால் எத்தனை தடவை பத்தியை வாசித்தாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் போர்வை சூடு கொடுக்கிறது என்று அவன் நம்புகிறான். அன்று புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெப்பமானியைக் கம்பளியில் சுற்றி வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அளவு அப்படியேதான் இருந்தது. போர்வை சூட்டைத் தருவதில்லை, இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைத்துக்கொள்கிறது என்று அவனே சொன்னான். அதன்பிறகுதான் ஆறாம் வாக்கியம் அவனுக்கு வாக்கியமானது. இதை எந்த வாசிப்பு உத்தியும் செய்திருக்காது.

இங்கிலாந்தில் கிளார்க்கும் அவரோடு மூவரும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நன்றாக எழுத்துக்கூட்டி, ஆனால் புரியாமல் வாசிக்கிறவர்கள். ஒரு குழுவுக்கு எழுத்துப் பத்திகளை வைத்து உத்திப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குப் பேச்சில் மட்டும் பயிற்சி, அதாவது சொல்வளம், கதை சொல்லுதல், உருவக வழக்குகள் போன்றவை, மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கலந்து. 20 வாரம். பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் மூன்று குழுவுமே முன்னேறின. ஆனால் பயிற்சி நின்று பல மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பேச்சுப் பயிற்சி பெற்ற குழு மேலும் முன்னேறியிருந்தது. வாசிப்புச் சிக்கலுக்கு வாசிக்காமலே வைத்தியம் என்பது முதலில் எனக்கு ஒட்டவில்லை. பெருக்கல் கணக்கை மறுபடி பார்த்தபோது சரியாகத்தான் பட்டது.

அதனால் இப்போது வாரம் நான்கு நாள் அவனோடு உட்கார்ந்தால் இரண்டு நாள்தான் இந்த விரல் கேள்வியும் 15 சொல் சுருக்கமும். மற்ற இரண்டு நாள் நான் வாசித்துக் காட்டுவேன், அவனாகத் தொடாத கொஞ்சம் கடினமான புத்தகங்களை, ஒரே பொருளைப் பற்றி அடுத்தடுத்து மூன்று நான்கு. பனிக்கட்டிக்குப் பிறகு பனிப்பாறை, அதற்குப் பிறகு துருவக் கரடி. சொற்கள் திரும்பத் திரும்ப வரும், ஒரு புத்தகத்தில் தெரிந்தது அடுத்ததற்கு உதவும். உத்திப் பயிற்சியையும் ஆறேழு வாரத்துக்குமேல் இழுப்பதில்லை. விரல் வைப்பது பழகிய பிறகு ஒவ்வொரு பத்தியிலும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும், பிள்ளையும் வாசிப்பை வெறுத்துவிடும். இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரே இடத்தில்தான் நிறுத்துகிறேன், அதுவும் 'ஆனாலும்', 'அதனால்', 'இருந்தபோதிலும்' மாதிரி ஒரு திருப்பம் வரும் இடத்தில்.

போன வாரம் அந்தப் பழைய குளத்துப் பத்தியைச் சும்மா மறுபடி கொடுத்தேன், கடைசியில் அந்த இடிக்கும் வாக்கியத்தோடு. பாதியில் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்து வாசித்தான். "சார், இது யாரோ தப்பா அடிச்சிருக்காங்க. மேல மிதக்குதுன்னு இங்க இருக்கு, அடியில தங்குதுன்னு இங்க இருக்கு" என்று இரண்டு விரலை வைத்துக் காட்டினான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "குளம் ஆழமே இல்லைன்னா அடிவரைக்கும் உறைஞ்சுராதா? அப்ப மீன்?"